ஒரே குக்கரில் மூன்று போசி: கேஸ் எங்கே மிச்சமாகிறது, எங்கே ஆவதில்லை

சிலிண்டர் விலை ஏறினாலும், புக் பண்ணி வர நாளானாலும் உடனே ஒரு அறிவுரை சுற்றத் தொடங்கிவிடும்: எல்லாவற்றையும் ஒரே குக்கரில் வைத்துவிடுங்கள், பாதி கேஸ் மிச்சம். செய்து பார்த்தவர்களில் பாதிப்பேர் சோறு குழைந்துவிட்டது, பருப்பு வேகவில்லை, சிலிண்டரும் அதே நாளில்தான் தீர்ந்தது என்கிறார்கள். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மிச்சம் எதிலிருந்து வருகிறது என்று தெரியாமல் போசியை மட்டும் அடுக்கினால் கிடைக்க வேண்டியதில் பெரும்பகுதி விசிலோடு போய்விடும். அதனால் முதலில் வெப்பக் கணக்கைப் பார்த்துவிட்டு, அப்புறம் ஈரோடு, கோவை, திருப்பூர்ப் பக்கத்து வீட்டுச் சமையலுக்கு அதை எப்படிப் பொருத்துவது என்று பார்ப்போம்.

கேஸ் எதற்குச் செலவாகிறது

அடுப்பில் எரியும் கேஸ் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, தண்ணீரையும் அரிசியையும் பாத்திரத்தையும் சூடாக்குவது. இன்னொன்று, கொதிக்க ஆரம்பித்த பிறகு தண்ணீரை ஆவியாக்குவது. இந்த இரண்டாவதுதான் கேஸைத் தின்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரைக் குழாயில் வரும் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 300 கிலோஜூல் வெப்பம் போதும். அதே ஒரு லிட்டரை முழுக்க ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும், ஏழரை மடங்கு. தளதளவென்று கொதித்தாலும் மெதுவாகக் கொதித்தாலும் திறந்த பாத்திரத்தில் தண்ணீரின் சூடு அதே 100 பாகைதான், உள்ளே இருக்கும் காய் ஒரு நிமிடம்கூட முன்னால் வேகாது. கூடுதலாக எரித்த கேஸ் எல்லாம் சமையலறைச் சுவரை நனைக்கத்தான் போகிறது.

குக்கர் இங்கே இரண்டு விதத்தில் உதவுகிறது. ஆவியை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது, அதனால் உள்ளே அழுத்தம் ஏறி சூடு 120 பாகை வரை போகிறது, அந்தச் சூட்டில் பருப்பும் பயறும் வேகமாக வேகின்றன. வால்பாறை போன்ற உயரமான ஊரில் தண்ணீர் 96, 97 பாகையிலேயே கொதித்துவிடுவதால் அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது போலிருக்கும். குக்கரின் அருமை அங்கே இருப்பவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். ஒரு கிராம் கேஸ் எரிந்தால் 46 கிலோஜூல் போல வெப்பம் வரும், அதில் நல்ல அடுப்பிலும் ஒரு பங்கு பாத்திரத்தின் ஓரமாக வெளியே போய்விடும். 60 சதவீதம் உள்ளே போகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு கிராமுக்கு 27 கிலோஜூல். கீழே வரும் கணக்கெல்லாம் இதை வைத்துத்தான்.

ஒரு நாள் சமையல், கணக்கோடு

நான்கு பேருக்கு மதியச் சாப்பாடு. புழுங்கலரிசி 400 கிராம், அதற்குத் தண்ணீர் ஒரு லிட்டர். துவரம் பருப்பு 150 கிராம், தண்ணீர் 450 மில்லி. பொரியலுக்கு பீட்ரூட்டோ உருளைக்கிழங்கோ 300 கிராம். ஏழரை லிட்டர் குக்கர், அதற்குள் மூன்று அடுக்குப் போசி, கடையில் செப்பரேட்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள். குக்கரின் அடியில் 400 மில்லி தண்ணீர்.

இது அத்தனையையும் குக்கரோடு சேர்த்து 120 பாகைக்குக் கொண்டுபோக 1,100 கிலோஜூல் சொச்சம் ஆகும், அதாவது 40 கிராம் கேஸ். அப்புறம் பத்து நிமிடம் சிம்மில் வைக்க இன்னும் ஏழெட்டு கிராம். மொத்தம் 50 கிராமுக்குள்.

இதையே தனித்தனியாகச் செய்தால்? சோற்றை வடிக்கிற வீடு என்றால் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, கால் மணி நேரம் வேகவைத்து, கடைசியில் அந்தச் சூட்டையெல்லாம் கஞ்சியோடு வடித்துவிடுகிறோம். அதற்கு மட்டும் 50 கிராமுக்கு மேல். பருப்புக்குச் சின்னக் குக்கரில் 20 கிராம், காய்க்கு வாணலியில் 25 கிராம். எல்லாம் சேர்த்தால் 100 கிராமை நெருங்கும். ஆக ஒரு வேளைக்கு 50 கிராம் மிச்சம், தினம் ஒரு வேளை இப்படிச் செய்தால் மாதத்துக்கு ஒன்றரை கிலோ, சிலிண்டரில் பத்தில் ஒரு பங்கு.

ஆனால் ஏற்கனவே சோற்றைக் குக்கரில் வைக்கிற வீட்டில் இந்த மிச்சம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அங்கே சோற்றுக்கு 28 கிராம்தான் செலவு, மொத்தம் 70 சொச்சம், எனவே அடுக்கி வைப்பதால் மிஞ்சுவது 20 கிராமுக்குக் கொஞ்சம் மேல். ‘பாதி கேஸ் மிச்சம்’ என்ற பேச்சு வடிக்கிற வீட்டுக்கு ஏறக்குறைய சரி, அதுவும் அந்த ஒரு வேளைச் சமையலுக்கு மட்டும். தோசை, தாளிப்பு, காபி, பால் எல்லாம் இந்தக் கணக்குக்கு வெளியே இருக்கின்றன.

அடுக்குவது எப்படி

1. அரிசியையும் பருப்பையும் அரை மணி நேரம் ஊறவையுங்கள். ஊறாத புழுங்கலரிசி நடுவில் விதைத்தன்மையோடு நிற்கும்.

2. பருப்பு கீழே, சோறு நடுவில், காய் மேலே. உள்ளே இருக்கும் காற்று வெளியேறி ஆவி நிறைந்துவிட்டால் மேலும் கீழும் ஒரே சூடுதான், ஆனால் அடிப்போசிக்கு அந்தச் சூடு முதலில் வந்து சேர்கிறது. அதனால் அதிகம் வேக வேண்டியது அங்கே இருக்கட்டும்.

3. பருப்புப் போசி பாதிக்கு மேல் நிறையக் கூடாது, நான்கு சொட்டு நல்லெண்ணெய் விடுங்கள். பருப்பு நுரை பொங்கி மேலே போய் வெயிட் உட்காரும் குழாயை அடைத்தால் அது ஆபத்து. மூடுவதற்கு முன் அந்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தெரிகிறதா என்று பார்ப்பது தினமும் செய்ய வேண்டிய வேலை.

4. மேல் போசிக்கு ஒரு சின்ன வட்டல் போட்டு மூடுங்கள். மூடியில் படிந்த ஆவி தண்ணீராகச் சொட்டிக் காயைக் கஞ்சியாக்காமல் இருக்கும்.

5. வெயிட்டை உடனே போடாமல், குழாயிலிருந்து ஆவி நேராகச் சீறி வந்த பிறகு போடுங்கள். காற்று உள்ளேயே மாட்டிக்கொண்டால் அழுத்தம் ஏறியும் சூடு முழுதாக ஏறாது, மேல் போசி அரைவேக்காடாக வரும்.

6. முதல் விசில் வந்ததும் சிம்முக்குக் கொண்டுபோங்கள், முடிந்தால் சின்ன பர்னருக்கு மாற்றுங்கள். அங்கிருந்து பத்து நிமிடம். அப்புறம் அணைத்துவிட்டு, கால் மணி நேரம் தொடாதீர்கள்.

ஆறாவதுதான் இருப்பதிலேயே முக்கியம். நம் வீடுகளில் சமையல் நேரத்தை விசிலில் எண்ணிப் பழகிவிட்டோம், பருப்புக்கு நாலு, கறிக்கு எட்டு என்று. விசில் என்பது உள்ளே சூடு போதுமான அளவுக்கு மேல் போய்விட்டது, மிச்சத்தை வெளியே தள்ளுகிறேன் என்று குக்கர் சொல்வது. வெயிட் லேசாக ஆடிக்கொண்டு உஸ் என்று இருந்தாலே உள்ளே 120 பாகை இருக்கிறது. பெரிய தீயில் அடுத்தடுத்து விசில் வந்தால் வேகும் நேரம் குறையாது, ஆவி மட்டும் போகும். 100 மில்லி தண்ணீர் இப்படி ஆவியாகப் போனால் எட்டு கிராம் கேஸ் போனதாக அர்த்தம், அடுக்கி வைத்ததில் மிஞ்சிய 20 கிராமில் அது சின்ன அளவில்லை.

உங்கள் வீட்டில் எவ்வளவு போகிறது என்று தெரிந்துகொள்ள எந்தக் கருவியும் வேண்டாம். அடியில் 400 மில்லி அளந்து ஊற்றுங்கள், சமையல் முடிந்து திறந்ததும் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். 350 இருந்தால் தீ சரியாக இருக்கிறது. 250 என்றால் தீ அதிகம், இல்லை என்றால் கேஸ்கட் தளர்ந்து ஓரமாக ஆவி கசிகிறது. மூடி விளிம்பில் தண்ணீர் முத்து முத்தாக நின்றாலோ, முதல் விசிலுக்கு வழக்கத்தைவிட நேரமானாலோ கேஸ்கட்டை மாற்ற வேண்டியதுதான். அடியில் கொஞ்சமும் தண்ணீர் இல்லாமல் கருகிய வாசம் வந்தால் அடுத்த முறை சேஃப்டி வால்வு உருகிப்போகும் நிலையில் இருக்கிறீர்கள். குக்கர் வெறும் அடியோடு எரியக் கூடாது.

அணைத்த பிறகு நடக்கும் சமையல்

அடுப்பை அணைத்த அந்த நொடியில் குக்கருக்குள் மூன்று கிலோவுக்கு நெருங்கிய பொருள் 120 பாகையில் இருக்கிறது. அது 100 பாகைக்கு இறங்க பத்து, பதினைந்து நிமிடமாவது ஆகும். அந்த நேரம் முழுக்கப் பருப்பு வெந்துகொண்டுதான் இருக்கிறது, ஒரு பைசா செலவில்லாமல். இதைச் சமையல் நேரத்தின் கடைசிப் பகுதியாகவே கணக்கில் எடுக்க வேண்டும். பத்து நிமிடம் சிம்மில் என்று மேலே சொன்னது இந்தக் கால் மணி நேரத்தையும் சேர்த்துத்தான். அதைக் கொடுக்காமல் வெயிட்டைத் தூக்குகிறவர்களுக்கு அந்தப் பத்து நிமிடம் போதாது.

அவசரத்தில் கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடுகிறோமே, அப்போது என்ன ஆகிறது என்றால், 120 பாகையில் இருக்கும் தண்ணீர் திடீரென்று 100 பாகைக்கு இறங்க வேண்டியிருக்கிறது. அந்த மிச்ச வெப்பம் 100 மில்லி அளவு தண்ணீரை ஒரே மூச்சில் ஆவியாக்கி வெளியே தள்ளுகிறது. மறுபடியும் எட்டு, ஒன்பது கிராம் கேஸ். கூடவே பருப்பு பொங்கி அடித்தண்ணீரில் கலக்கும், அரிசி வெடித்துக் குழையும். குழாய்த் தண்ணீரைக் குக்கர் மேல் ஊற்றி ஆற்றுவதும் இதே கதைதான், சூடு சாக்கடைக்குப் போகிறது.

சூட்டை இன்னும் நீட்டிக்க வேண்டுமானால், அணைத்த பிறகு குக்கரை அடுப்பிலிருந்து இறக்கி, அடியில் வைக்கோல் பிரியோ தென்னை நார்ப் பாயோ போட்டு, சுற்றிலும் பழைய போர்வையைச் சுற்றி வைக்கலாம். பொள்ளாச்சிப் பக்கம் நாருக்குப் பஞ்சமில்லை, திருப்பூரில் பனியன் வேஸ்ட் துணி கிலோக் கணக்கில் கிடைக்கும். ஒரு மரப்பெட்டியிலோ பெரிய கூடையிலோ நிறைத்து நடுவில் குழி விட்டால் போதும். இரண்டு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும்: தீ எரியும்போது துணி பக்கத்தில் வரக் கூடாது, வெயிட்டின் மேலும் சேஃப்டி வால்வின் மேலும் எதையும் போட்டு மூடக் கூடாது.

இப்படிச் சுற்றி வைத்த சோறு நல்ல சூட்டில் இருக்கும்போதே சாப்பிட்டுவிடுவது நல்லது. 60 பாகைக்குக் கீழே இறங்கிய சோறும் பருப்பும் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருந்தால் கிருமி பெருகும், நம் ஊர் வெயிலில் இன்னும் வேகமாக. தொட்டால் கை சுடவில்லை என்றால் அந்த நிலைக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ராஜ்மாவை ஒருபோதும் அடங்கும் சூட்டை மட்டும் நம்பி வேகவைக்கக் கூடாது. அதில் இருக்கும் நச்சுப்பொருள் நன்றாகக் கொதித்தால்தான் அழியும், இளஞ்சூட்டில் கிடந்தால் வயிற்றைப் பிடுங்கும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு முழு அழுத்தத்தில் வேகவைத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

வாரத்துக்கு எப்படித் திட்டமிடுவது

பொருளை வைத்து மெனு போடாதீர்கள், வேகும் நேரத்தை வைத்துப் போடுங்கள். ஒரே குக்கருக்குள் எல்லாவற்றுக்கும் ஒரே சூடு, ஒரே நேரம். அதை மாற்ற முடியாது. மாற்ற முடிந்தது ஊறும் நேரமும் வெட்டும் அளவும்தான். சோற்றுக்கான பத்து நிமிடத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றதை அதற்குக் கொண்டுவர வேண்டும்.

பச்சைப்பயறு கடைகிற நாளில் பயறை ஊறவைக்க வேண்டியதே இல்லை, வறுத்தோ அப்படியேவோ வைத்தால் சோற்றோடு சேர்ந்து வெந்துவிடும். ஊறவைத்தால் அது முன்னாலேயே வெந்து கூழாகும். தட்டைப்பயறுக் குழம்பு என்றால் காலையிலேயே நாலைந்து மணி நேரம் ஊறப்போடுங்கள், அப்போதுதான் சோற்றோடு சேரும். துவரம் பருப்புக்கு அரை மணி நேரம். காயில் பீட்ரூட்டையும் உருளையையும் பாதியாக வெட்டினால் போதும், பொடியாக நறுக்கினால் கரைந்துவிடும். பீன்ஸ், முட்டைக்கோஸ், கீரை, வெண்டை இதற்கெல்லாம் பத்து நிமிடம் மிக அதிகம், அவற்றை மூடி போட்ட வாணலியில் தனியாகச் செய்வதே சரி. கேஸ் மிச்சம் என்று கீரையைக் குக்கரில் வைத்து நிறமும் மணமும் போன பிறகு யாரும் சாப்பிடாமல் கொட்டினால் அது மிச்சமில்லை.

புளியையும் தக்காளியையும் பருப்புப் போசியில் முதலில் போட்டுவிடாதீர்கள். புளிப்பு இருந்தால் பருப்பின் தோலும் சதையும் இளகாது, எத்தனை விசில் விட்டாலும் நெத்து நெத்தாக நிற்கும். இதே குறை உப்புத்தண்ணீரிலும் வரும். போர்வெல் தண்ணீரில் இருக்கும் கால்சியம் பருப்பை இறுக்குகிறது. சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டில் பத்து நிமிடத்தில் மலர்ந்த பருப்பு, போர்வெல் தண்ணீர் புழங்கும் வீட்டில் பதினைந்து நிமிடம் கேட்பது இதனால்தான். ஊறவைக்கவும் வேகவைக்கவும் குடிதண்ணீரை எடுத்து, மற்ற வேலைக்கு மட்டும் போர் தண்ணீரை வைத்துக்கொண்டால் அந்த ஐந்து நிமிடம் மிஞ்சும்.

வாரத்தில் ஒரு நாள் அரிசிம்பருப்பு வையுங்கள். அடுக்குப் போசியே தேவையில்லாத சமையல் அது. அரிசியும் துவரம் பருப்பும் ஒரே நேரத்தில் வேகும், புளி கிடையாது, தாளிப்பும் அதே குக்கரிலேயே முடிந்துவிடுகிறது, எனவே சூடான அடி வீணாவதில்லை. ஒன்றரை டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் பருப்பு, ஆறு டம்ளர் தண்ணீர். முதல் விசிலுக்கு அப்புறம் சிம்மில் எட்டு நிமிடம், அணைத்துவிட்டுக் கால் மணி நேரம். கொங்கு நாட்டு வேலைநாள் சமையலில் இதைவிடக் குறைந்த கேஸில் வயிறு நிறைய ஒன்று எனக்குத் தெரியாது.

கொள்ளு நாள்தான் சிக்கலானது. இரவு முழுக்க ஊறிய கொள்ளுக்கும் குக்கரில் இருபது நிமிடம் பக்கம் வேண்டும். சோற்றை அதோடு வைத்தால் சோறு களியாகும், தனித்தனியாக வைத்தால் குக்கரை இரண்டு முறை குளிர்ந்த நிலையிலிருந்து சூடாக்க வேண்டும். இதற்கு வழி, சூடு ஆறாத குக்கரிலேயே இரண்டாவது தவணை:

1. 200 கிராம் கொள்ளை ஊறவைத்து, ஒரு லிட்டர் தண்ணீரோடு குக்கரின் அடியிலேயே நேராகப் போடுங்கள், போசி வேண்டாம். கொள்ளும் நுரைக்கும், எண்ணெய் இரண்டு சொட்டு.

2. முதல் விசிலுக்கு அப்புறம் சிம்மில் பத்து நிமிடம். அணைத்துவிட்டு அழுத்தம் தானாக இறங்கும்வரை விடுங்கள். இந்த நேரத்தில் அரிசி ஊறிக்கொண்டிருக்கட்டும்.

3. திறந்தால் கொள்ளு முக்கால் பதம் வெந்து, 100 பாகையை ஒட்டிய சூட்டில் தண்ணீர் இருக்கும். அதற்குள் ஒரு ஸ்டாண்டை வைத்து, மேலே அரிசிப் போசியும் அதற்கு மேல் காயும். மூடி, மறுபடி ஏற்றுங்கள்.

4. இப்போது சூடாக வேண்டியது அரிசியும் அதன் தண்ணீரும் காயும் மட்டும்தான், குக்கரும் கொள்ளும் ஏற்கனவே சூடு. சீக்கிரமே விசில் வரும். சிம்மில் பத்து நிமிடம், அணைத்துக் கால் மணி நேரம்.

கடைசியில் கொள்ளுக்கு இருபது நிமிடமும் இரண்டு முறை அடங்கும் சூடும் கிடைத்துவிட்டது, சோற்றுக்குப் பத்து நிமிடம்தான். அடியில் இருக்கும் கொள்ளுத் தண்ணீரை அப்படியே இறுத்தால் ரசத்துக்கு ஆயிற்று, கொதிக்கும் சூட்டிலேயே இருப்பதால் ரசமும் நிமிடத்தில் நுரை கட்டும். கொள்ளைப் பூண்டு, வரமிளகாய், சீரகத்தோடு கடைந்துகொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை முற்றின நாட்டுக்கோழிக்கும் இதே முறைதான், கோழி முதல் தவணை, சோறு இரண்டாவது.

வாரத்தில் மற்ற நாட்களில் அடங்கும் சூட்டுக்குச் சின்னச் சின்ன வேலைகள் கொடுக்கலாம். போசிகளை எடுத்த பிறகு அடியில் நிற்கும் சுடுதண்ணீர் பொங்கி வழியாமல் சுத்தமாக இருந்தால் புளி ஊறப்போட அதுவே போதும். காலையில் கடைசித் தோசை எடுத்த கல்லில் தீயை அணைத்துவிட்டு செலவு ரசத்துக்கான மல்லி, மிளகு, சீரகத்தைப் போட்டுப் புரட்டினால் கருகாமல் வறுபடும். மண்சட்டியில் குழம்பு வைக்கிறவர்கள் எண்ணெய் பிரிய ஆரம்பிக்கும்போதே அணைத்துவிடலாம், சட்டி தன் சூட்டிலேயே இன்னும் சில நிமிடம் கொதிக்கும்.

மிச்சமாகிறதா என்று பார்ப்பது

சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்பதை வைத்து மட்டும் முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். நோம்பி வந்திருக்கும், விருந்தாள் வந்திருப்பார்கள், ஒரு வாரம் ஊருக்குப் போயிருப்பீர்கள். சிலிண்டரின் மேல் பகுதியில் வெற்று எடை குறிக்கப்பட்டிருக்கும். வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசு இருந்தால், ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு சிலிண்டரை அதன்மேல் நிமிர்த்தி நிறுத்திப் பாருங்கள், வெற்று எடையைக் கழித்தால் உள்ளே இருக்கும் கேஸ் தெரிந்துவிடும். ஒரு வேளைக்கு இருபது, முப்பது கிராம் என்பது தராசில் ஒரு நாளில் தெரியாது, அதனால் பத்து நாளைக்கு ஒருமுறை பார்த்து நாட்காட்டியில் குறித்துவையுங்கள். பழைய முறையில் ஒரு பத்து நாள், அடுக்கு முறையில் ஒரு பத்து நாள், இரண்டிலும் அதே ஆட்கள் சாப்பிட்டார்கள் என்றால் அந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் வீட்டுக் கணக்கு.